கள்ளனின் கன்னத்தில் தழும்பு ஏன்?

ஆறு வயதுப் பிள்ளையிடம் ஒரு தாளையும் கலர் பென்சில்களையும் கொடுத்து, "ஒரு கள்ளனைக் கீறு" என்று சொல்லிப் பாருங்கள். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேசையில் அக்காவின் பிள்ளைகளும் அவர்களின் கூட்டாளிகளும் கீறிய கள்ளர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். கன்னத்தில் நீளமாக ஒரு கோடு, அதற்குக் குறுக்கே சின்னச் சின்னத் தையல். ஒரு கண்ணில் கறுப்புத் துணி. ஓட்டைப் பல். தோலுக்குப் பெட்டியில் இருப்பதிலேயே கடுமையான மண்ணிறம். படத்தில் இல்லாதது ஒன்றுதான்: அவன் எதைக் களவெடுத்தான் என்பது. கையில் பை இல்லை, உடைந்த பூட்டு இல்லை. முகத்தைக் கீறியதோடு கள்ளனைக் கீறி முடித்துவிட்டதாகப் பிள்ளை நினைக்கிறது.

இதை அந்தப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கவில்லை. கார்ட்டூனில், கதைப் புத்தகத்தில், சினிமாவில், நாம் சொல்லும் கதைகளில் கெட்டவர் அப்படித்தான் வருகிறார். ஏன் அப்படி வருகிறார், அதிலிருந்து பிள்ளை எதை எடுத்துக்கொள்கிறது என்பதை இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வரைகிறவர்களின் பக்கத்திலிருந்து தொடங்கலாம். அவர்களுக்கு இருக்கும் நேரம் மிகக் குறைவு. ஒரு பாத்திரம் திரையில் வந்த ஓரிரு நொடிக்குள் இவர் யார், பயப்பட வேண்டியவரா என்று பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும். ஆகவே கார்ட்டூன் கலைஞர்கள் முகத்துக்கு முன்பே உருவத்தின் வெளிக்கோட்டை யோசிக்கிறார்கள். நல்லவர் வட்டங்களால் ஆனவர்: உருண்டைக் கன்னம், பெரிய கண், சின்ன நாடி. கெட்டவர் முக்கோணங்களால் ஆனவர்: கூரான நாடி, நீண்ட மூக்கு, மூக்கை நோக்கிச் சரியும் புருவம். இது வெறும் வழக்கம் அல்ல. பெரிய கண்ணும் உருண்டைக் கன்னமும் சின்ன நாடியும் குழந்தை முகத்தின் அடையாளங்கள். அவற்றைக் கண்டால் மனிதர்களுக்கு அணைத்துக்கொள்ளும் எண்ணம் வருகிறது என்று 1943இல் விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரென்ஸ் எழுதினார். கெட்டவரை வரைகிறவர் அதே அடையாளங்களைத் தலைகீழாக்கிவிடுகிறார். சரிந்த புருவமோ கோபம் வரும்போது எல்லாருடைய முகத்திலும் நடப்பது. அதைப் பிள்ளைகள் மிகச் சின்ன வயதிலேயே படித்துக்கொள்கிறார்கள்.

இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு சூழ்ச்சியைப் பின்தொடர்ந்து போவது கடினம். "இவர் இப்போது சிரித்துக் கதைக்கிறார், ஆனால் உள்ளுக்குள் வேறு திட்டம் வைத்திருக்கிறார்" என்பதை விளங்கிக்கொள்ள, ஒருவரின் மனதையும் வெளித்தோற்றத்தையும் பிரித்து இரண்டையும் ஒரே நேரத்தில் நினைவில் வைத்திருக்க வேண்டும். அந்தத் திறமை வளர்ந்துகொண்டிருக்கும் வயதில் கூரான மூக்கு கதையை விளங்கவைக்கும் ஒரு துணை. அதனால் கெட்டவரைக் கெட்டவராகக் காட்டுவதையே குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். எந்தக் கோட்டால் காட்டுகிறோம் என்பதில்தான் பிரச்சினை.

கெட்டவரின் உருவத்தில் மூன்று விதமான கோடுகள் கலந்திருக்கின்றன. முதலாவது, எந்த மனிதருக்கும் இல்லாதவை. கந்தசஷ்டியில் சூரன் போர் பார்க்கப் போன பிள்ளைகளுக்கு இது தெரியும். உருட்டி விழிக்கும் கண், வெளியே நீண்ட கோரைப்பல், தோளில் சுமப்பவர்கள் ஆட்ட ஆட்ட எழுந்து எழுந்து வரும் சூரன், ஒவ்வொரு தடவையும் மாறும் தலை: யானைத் தலை, சிங்கத் தலை. அம்பலாங்கொடையில் செய்யும் நாகராட்சத முகமூடியும் அப்படித்தான். தலைக்கு மேல் பாம்புகள் படமெடுக்கும், கண் பிதுங்கி நிற்கும். பிள்ளை பயப்படும், அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அடுத்த நாள் காலி வீதியில் யாரைக் கண்டும் "அங்கே சூரன்" என்று சொல்லாது, ஏனென்றால் அந்த முகம் ஊரில் எவருக்கும் இல்லை.

இரண்டாவது, எல்லாருக்கும் வரக்கூடியவை. நெரித்த புருவம், ஒரு பக்கமாகக் கோணும் உதடு, கடைக்கண் பார்வை. இவை முகபாவனைகள். கோபம் தணிந்ததும் போய்விடும். பிள்ளையின் முகத்திலும் வரும், அப்பாவின் முகத்திலும் வரும்.

மூன்றாவதுதான் தொல்லை: சிலருக்கு உண்மையாகவே இருப்பவை. தழும்பு, கூன், நொண்டும் கால், மாறுகண், வழுக்கை, மரு, கறுத்த தோல், முதுமை. கிரிம் சகோதரர்களின் ஹான்சல், கிரேட்டல் கதையில் வரும் சூனியக்காரி ஊன்றுகோலில் சாய்ந்து வெளியே வருகிறாள். அவளுக்குக் கண் சிவந்திருக்கிறது, தூரத்தில் இருப்பது தெரியாது. அவள் பிள்ளைகளை அடைத்து வைத்துத் தின்னப் பார்த்தது கொடுமை. ஊன்றுகோலும் சிவந்த கண்ணும் மங்கிய பார்வையும் எந்த அம்மம்மாவுக்கும் வரக்கூடியவை.

இந்த மூன்றாவது வகை எவ்வளவு வழக்கமாகிவிட்டது என்பதை 2017இல் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் சிலர் எண்ணிப் பார்த்தார்கள். அமெரிக்கத் திரைப்பட நிறுவனம் தேர்ந்தெடுத்த சிறந்த நாயகர்களின் பட்டியலிலிருந்தும் வில்லன்களின் பட்டியலிலிருந்தும் முதல் 10 பேரை எடுத்து, அவர்களின் தோலை நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். 10 வில்லன்களில் 6 பேருக்குக் குறிப்பிடத்தக்க தோல் பிரச்சினைகள் இருந்தன: முடி உதிர்வு, கண்ணைச் சுற்றிக் கருமை, ஆழ்ந்த சுருக்கம், தழும்பு, மரு. நாயகர்களில் அப்படி ஒருவருக்கும் இல்லை. அடுத்த ஆண்டு பிரித்தானியத் திரைப்படக் கழகம், முகத்தில் உள்ள தழும்பைக் கெட்ட குணத்தின் அடையாளமாகக் காட்டும் படங்களுக்கு இனிப் பணம் கொடுப்பதில்லை என்று அறிவித்தது. முகத்தில் தழும்போடு வாழ்கிறவர்கள் நடத்திய பிரசாரத்தை ஒட்டியே அது நடந்தது.

இதை வெளிநாட்டு வழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. உறுப்புகளைப் பார்த்துக் குணம் சொல்லும் சாமுத்திரிகா லட்சணம் நம்மிடமும் இருந்தது. ஐரோப்பாவில் லொம்புரோசோ என்ற இத்தாலிய மருத்துவர் 1876இல், பிறவிக் குற்றவாளியைத் தாடையையும் காதையும் பார்த்தே கண்டுபிடிக்கலாம் என்று புத்தகமே எழுதினார். 1913இல் சார்ல்ஸ் கோரிங் என்பவர் இங்கிலாந்துச் சிறைகளில் இருந்த ஏறத்தாழ 3000 கைதிகளை அளந்து, அப்படி ஒரு தனி இனமே இல்லை என்று காட்டினார். விஞ்ஞானம் கைவிட்டதை வில்லன் படங்கள் மட்டும் இன்னும் விடவில்லை.

நமக்கு மிகவும் பழக்கமான உதாரணம் மந்தரை. அவளைக் கூனி என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். கைகேயியின் மனதைக் கெடுத்தவள் என்பதும் முதுகு வளைந்தவள் என்பதும் ஒரே செய்திபோலப் பிள்ளையின் காதில் விழுகின்றன. கம்பனும் அவளைக் கொடு மனக் கூனி என்றுதான் கொண்டுவருகிறார். ஆனால் அதே இடத்தில் வேறு ஒன்றையும் சொல்கிறார். இராமன் சிறுவனாக இருந்தபோது வில்லில் மண் உருண்டை வைத்து அவள் முதுகில் அடித்தான், அதை அவள் மறக்கவில்லை. அவளுடைய கோபத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது, அது அவள் உடலைக் குறித்து வந்த அவமானம். பிள்ளைக்குக் கதை சொல்லும்போது இந்த இடத்தைத்தான் நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். கூன் மிஞ்சுகிறது, காரணம் போய்விடுகிறது. மண் உருண்டையையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். பிள்ளை கேட்கும் கேள்விகள் அப்படியே மாறும்: "அது அவவுக்கு நொந்திருக்குமா?", "ராமர் மன்னிப்புக் கேட்டாரா?"

சரி, பிள்ளை உண்மையில் என்ன கற்றுக்கொள்கிறது? இதைப் பற்றி ஊகமாகப் பேசுவது சுலபம். நல்லவேளையாக, நேரடியாகச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1985இல் சிந்தியா ஹொஃப்னர், ஜோன் கென்டர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு வயதான பெண்ணைப் பற்றிய சின்னப் படம் ஒன்றை நான்கு விதமாக எடுத்தார்கள். இரண்டில் அவள் பார்க்க அன்பான பாட்டிபோல இருப்பாள், மற்ற இரண்டில் சூனியக்காரிபோல இருப்பாள். ஒவ்வொரு தோற்றத்திலும் ஒரு படத்தில் அவள் வீட்டுக்கு வந்த பூனையைக் கொஞ்சுவாள், மற்றதில் அதைக் கொடுமைப்படுத்துவாள். ஆக, அவலட்சணமான ஆனால் அன்பான பாட்டியும் உண்டு, வடிவான ஆனால் கொடுமையான பாட்டியும் உண்டு. 3 முதல் 5 வயது, 6, 7 வயது, 9, 10 வயது என்று மூன்று கூட்டம் பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே ஒரு படம்தான். பிறகு, இந்தப் பாட்டி எவ்வளவு நல்லவள், இனி என்ன செய்வாள் என்று கேட்டார்கள்.

முன்பள்ளி வயதுப் பிள்ளைகளின் பதிலில் தோற்றத்தின் பாதிப்பு அதிகம், நடத்தையின் பாதிப்பு குறைவு. பூனைக்கு என்ன நடந்தது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகும் அப்படித்தான். வயது ஏற ஏற அது தலைகீழாக மாறியது. 9, 10 வயதுப் பிள்ளைகள் அவள் செய்ததை வைத்தே தீர்ப்புச் சொன்னார்கள்.

இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இன்னொரு பகுதி. பாட்டி என்ன செய்தாள் என்பதைக் காட்டாமல் தோற்றத்தை மட்டும் காட்டியபோது, மூன்று கூட்டங்களையும் சேர்ந்த பிள்ளைகள் தோற்றத்தை வைத்தே முடிவு சொன்னார்கள். அதாவது பெரிய பிள்ளைகளும் அந்தப் பழக்கத்தைக் கைவிட்டுவிடவில்லை. கண்முன் ஒரு செயல் இருந்தால் அதைப் பெரிதாக எடுக்கக் கற்றிருக்கிறார்கள், இல்லாவிட்டால் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். பஸ்ஸில், கடையில், புது வகுப்பில் நாம் சந்திக்கும் பெரும்பாலானவர்களைப் பற்றி நமக்கு எந்தச் செயலும் தெரியாது என்பதை யோசித்தால், இது எங்கே போய் நிற்கும் என்று விளங்கும்.

இதற்காகப் பழி முழுவதையும் கார்ட்டூன் மேல் போடுவதும் சரியில்லை. டிவியே பார்க்காத சில மாதக் குழந்தைகள்கூட, பெரியவர்கள் வடிவு என்று சொல்லும் முகங்களைக் கூடுதல் நேரம் பார்க்கின்றன என்று 1980களிலேயே கண்டிருக்கிறார்கள். 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு டிஸ்னி படம் போட்டுக் காட்டினார்கள். சிலருக்கு வடிவையும் நல்ல குணத்தையும் ஒன்றாக்கும் படம், சிலருக்கு அப்படி ஒன்றாக்காத படம். பிறகு வடிவான பிள்ளை, அவ்வளவு வடிவில்லாத பிள்ளை என இரண்டு விதமான புகைப்படங்களைக் காட்டி யாரோடு சேர விருப்பம் என்று கேட்டபோது, எந்த டிஸ்னி படத்தைப் பார்த்திருந்தாலும் வடிவான பிள்ளைக்கே சாய்வு இருந்தது. ஒரு படம் பார்த்ததால் அந்தச் சாய்வு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆகவே ஒரு கார்ட்டூனை நிறுத்தினால் பிள்ளை மாறிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது, ஒரு நல்ல படத்தைப் போட்டுக் காட்டினால் சரியாகிவிடும் என்றும் எதிர்பார்க்க முடியாது. சின்னதாக இருக்கும் ஒரு சாய்வுக்கு ஆயிரம் கதைகள் திரும்பத் திரும்ப உரம் போடுகின்றன. தழும்பையும் கூனையும் கறுப்பையும் குறிப்பாகத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதும் கதைகள்தான்.

வீட்டில் என்ன செய்யலாம்? முதலில், பிள்ளை எதை வைத்துத் தீர்மானிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். படம் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி போதும்: "அவர் கெட்டவர் எண்டு உனக்கு எப்ப தெரிஞ்சது?" "முதல்லயே தெரியும்", "வந்த உடனேயே தெரிஞ்சது" என்றால் பிள்ளை தோற்றத்தைப் படித்திருக்கிறது. "அந்தப் பெட்டிய ஒளிச்சு வைச்சாரே, அப்ப" என்றால் செயலைப் படித்திருக்கிறது. முதல் பதில் வந்தால் திட்ட வேண்டாம். படம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறது, பிள்ளை சரியாகத்தான் படித்திருக்கிறது.

அடுத்தது கீறும் வேலை. பிள்ளை கீறி முடித்த கள்ளனை முன்னால் வைத்து, ஒவ்வொரு கோடாக விரலை வைத்து, "இது அவர் செய்ததா, அவருக்கு இருக்கிறதா?" என்று கேளுங்கள். தழும்பு? இருக்கிறது. கறுப்பு? இருக்கிறது. மற்றவரின் பைக்குள் நுழையும் கை? செய்தது. இனி இருக்கிறதையெல்லாம் விட்டுவிட்டு, செய்ததை மட்டும் வைத்து இன்னொரு கள்ளனைக் கீறச் சொல்லுங்கள். இங்கே பிள்ளை தடுமாறும். "அப்ப அவர் கள்ளன் எண்டு எப்பிடித் தெரியும்?" என்று கேட்கும். அப்போது ஒரு கண்ணாடியைக் கொடுங்கள். புருவத்தை இறக்கி, உதட்டை ஒரு பக்கம் இழுத்து, ஓரக்கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். தன் முகத்திலேயே அந்தக் கள்ளன் வந்து போவதைப் பிள்ளை பார்த்துவிட்டால் மிச்சத்தைத் தானே கீறிவிடும். எங்கள் வீட்டுச் சின்னவள் கீறிய இரண்டாவது கள்ளன் நன்றாக உடுத்த, தலை சீவிய ஒரு அங்கிள். பின்பக்கம் மறைத்த கையில் அடுத்த வீட்டு அன்ட்டியின் சங்கிலி தொங்கியது.

இதில் தவறிப்போகும் இடங்களும் உண்டு. "முகத்தைப் பார்த்து ஆளை எடை போடக் கூடாது" என்று வெறுமனே சொல்லிக்கொடுத்தால் பிள்ளை அதைப் பாடமாக்கிவிடும், ஆனால் தெரிவு மாறாது. கெட்டவரை வடிவாகவும் நல்லவரை அவலட்சணமாகவும் மாற்றிப் போட்ட கதைகளும் எல்லா வயதுக்கும் உதவமாட்டா. கடைசியில் இளவரசன்தான் வில்லன் என்று தெரியவரும் திருப்பம் ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு நல்ல விருந்து. நாலு வயதுப் பிள்ளை, அந்தப் பாட்டிப் படத்தில் நடந்ததுபோலவே, இளவரசனை நல்லவன் என்று சொல்லிக்கொண்டே இருக்கலாம். அந்த வயதில் சின்னக் கதையும் வெளிப்படையான செயலும் போதும். அசிங்கமான மிருகம் நல்லவன் என்று முழுக்கதையும் சொல்லிவிட்டு, முடிவில் அவனை வடிவான இளவரசனாக மாற்றிப் பரிசு கொடுக்கும் கதைகளை வாசித்தால், "மாறாமலே இருந்திருந்தா?" என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

தெருவிலும் இது வரும். யுத்தத்தில் காயப்பட்டவர்கள், நெருப்புச் சுட்டவர்கள், வெண்புள்ளி உள்ளவர்கள் கொழும்பு பஸ்களில் நம்மோடுதான் வருகிறார்கள். பிள்ளை விரலை நீட்டி, "அந்த மாமா கெட்டவரா?" என்று உரக்கக் கேட்டுவிட்டால், நம்மில் பலர் கையைத் தட்டிவிட்டு, "ஸ்ஸ், பார்க்காத" என்கிறோம். பார்க்கக்கூடாத ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது என்பதைத்தான் பிள்ளை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். "இல்லை அம்மா, அவருக்கு ஒருக்கா காயம் பட்டிருக்கு, அது ஆறின அடையாளம்" என்று சாதாரணக் குரலில், அவருக்கும் கேட்கும்படியே சொல்லலாம். அவர் இந்தப் பக்கம் பார்த்தால் ஒரு புன்னகை.

கடைசியாக, பெற்றோர் பலர் யோசிக்காத ஒரு பக்கம். கெட்டவர் அவலட்சணமானவர் என்று கற்ற பிள்ளை, வடிவானவர், சிரிப்பவர், நன்றாக உடுத்தவர் ஆபத்தில்லாதவர் என்பதையும் சேர்த்தே கற்கிறது. சோறு சாப்பிடாவிட்டால் பிள்ளைபிடிகாரன் வருவான், கோணிபில்லா சாக்கோடு வருவான் என்று நாம் காட்டும் பூச்சாண்டியும் கந்தலோடும் தாடியோடும்தான் வருகிறான். பிள்ளைகளைத் துஷ்பிரயோகம் செய்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள். வீட்டுக்கு வந்துபோகிறவர்கள், சொக்லட் கொண்டுவருகிறவர்கள். ஆகவே பாதுகாப்பைச் சொல்லிக்கொடுக்கும்போது ஆளின் தோற்றத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம், செயலைச் சொல்லுங்கள். அம்மாவிடம் சொல்லாதே என்று யாராவது சொன்னால், உடுப்பால் மூடிய இடத்தைத் தொட்டால் அல்லது தொடச் சொன்னால், கேட்காமலே எங்காவது கூட்டிக்கொண்டு போகப் பார்த்தால், அவர் மாமாவாக இருந்தாலும் சேராக இருந்தாலும் உடனே வந்து சொல்ல வேண்டும். நாலு வயதுப் பிள்ளைக்கு இதை ஒரு தடவை சொன்னால் போதாது. பொம்மைகளை வைத்து, நல்ல உடுப்புப் போட்ட பொம்மையையே "இது ரகசியம், அம்மாட்ட சொல்லாத" என்று சொல்லவைத்து, பிள்ளையை ஓடிவந்து சொல்லப் பழக்குங்கள். அப்படி ஏதாவது நடந்திருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1929.